முதல் ஷெங்கன் விசா: அக்டோபர் பயணத்துக்கு பிப்ரவரியிலேயே ஏன் தயாராகணும்?

தாய்லாந்து, மலேசியா மாதிரி நாடுகளுக்கு டிக்கெட் போட்டுட்டு கிளம்புற பழக்கம் நம்மில் பலருக்கு வந்துடுச்சு. அதே பழக்கத்துல ஐரோப்பாவுக்கும் முதல்ல டிக்கெட், அப்புறம் விசான்னு போனா, கையில இருக்கற காசு வீணாகலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா முன்கூட்டியே எடுத்தே ஆகணும். அதைக் கொடுக்கறவங்க உங்களை நேர்ல பார்த்துப் பேசாமலே, நீங்க கொடுத்த காகிதங்களை வெச்சே பெரும்பாலும் முடிவு பண்றாங்க.

அந்தக் காகிதங்கள்ல மத்ததை எல்லாம் ஒரு மாசத்துல தயார் பண்ணிடலாம். உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் அப்படித் தயார் பண்ண முடியாது. அது ஏற்கெனவே நடந்து முடிஞ்ச சில மாதங்களோட பதிவு. அதனாலதான் விசாவுக்கான வேலை, அப்ளிகேஷன் ஃபார்ம் நிரப்புறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது. எப்படின்னு ஒரு உதாரணத்தோட பார்ப்போம்.

உதாரணக் கணக்கு

நீங்க சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கறீங்க, வயசு 28, கைக்கு வர்ற சம்பளம் மாதம் 55,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். இதுவரை ஐரோப்பா பக்கம் போனதில்லை. அக்டோபர் 9-ம் தேதி பாரிஸ்ல இறங்கி, அங்கே 6 இரவு தங்கறீங்க. 15-ம் தேதி ரயில்ல சுவிட்சர்லாந்து போய், லூசெர்ன்ல 3 இரவு. 18-ம் தேதி ஜூரிச்ல இருந்து ஊருக்குத் திரும்பறீங்க. மொத்தம் 9 இரவு, 10 நாள்.

முதல் கேள்வி, எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கணும்? ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருக்கு. ஒரு நாட்டோட விசா இருந்தா மத்த நாடுகளுக்கும் போகலாம். ஆனா எங்கே அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும். ரெண்டு நாட்டுல சம நாள் தங்கினா, முதல்ல எங்கே நுழையறீங்களோ அந்த நாடு. இங்கே பாரிஸ்ல 6 இரவுங்கறதால பிரான்ஸ். france-visas.gouv.fr தளத்துல ஃபார்ம் நிரப்பிட்டு, சென்னை வி.எஃப்.எஸ். மையத்துல அப்பாயின்ட்மென்ட் எடுத்து, ஆவணங்களைக் கொடுத்து கைரேகை வைக்கணும். வி.எஃப்.எஸ். உங்க கோப்பை வாங்கி அனுப்பற வேலையை மட்டும்தான் செய்யுது. விசா கொடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது தூதரகம்.

"பிரான்ஸ்ல ஸ்லாட் இல்ல, வேற நாட்டுல ஈஸியா கிடைக்குது, அங்கே போட்டுட்டு பாரிஸுக்கே போயிடலாம்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. விசா கொடுத்த நாட்டுல போய்த் தங்காம வேற எங்கேயோ முழுப் பயணத்தையும் கழிச்சா, எல்லையில கேள்வி வரும், அடுத்த விசாவுக்கும் சிக்கல். ஸ்லாட் உண்மையிலேயே கிடைக்கலைன்னா பயணத் திட்டத்தையே மாத்துங்க. லூசெர்ன்ல 6 இரவு, பாரிஸ்ல 3 இரவுன்னு மாத்திட்டா நீங்க நேர்மையாவே சுவிஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

தேதிகளைப் பின்னாடியிருந்து எண்ணுங்க

சட்டப்படி பயணத்துக்கு 6 மாதம் முன்னாடியில இருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி நாள், பயணத்துக்கு 15 நாள் முன்னாடி. நம்ம உதாரணத்துல ஏப்ரல் 9-ல ஆரம்பிச்சு செப்டம்பர் 24 வரைக்கும். ஆனா செப்டம்பர் 24-ங்கற தேதியை மறந்துடுங்க. அது விண்ணப்பத்தை வாங்கிக்கற கடைசி நாள், விசா கைக்கு வந்துடும்னு உறுதி கொடுக்கற நாள் இல்ல.

வழக்கமா முடிவு சொல்ல 15 நாள். கோப்பை இன்னும் ஆராயணும்னு நினைச்சா அது 45 நாள் வரை போகலாம். இதுல ஞாயிறு, விடுமுறை எல்லாமே சேர்த்திதான். முதல் தடவை போறவங்க 45 நாளை வெச்சே கணக்குப் போடறது நல்லது. அக்டோபர் 9-ல இருந்து 45 நாள் பின்னாடி போனா ஆகஸ்ட் 25. மையத்துல இருந்து தூதரகத்துக்குக் கோப்பு போய்வர்ற நாள், கூடுதல் ஆவணம் கேட்டா கொடுக்கற நாள், இதுக்கெல்லாம் ரெண்டு வாரம் விட்டா ஆகஸ்ட் 11. அதுதான் உங்க அப்பாயின்ட்மென்ட் தேதியா இருக்கணும்.

அப்பாயின்ட்மென்ட்டும் நினைச்ச நாள்ல கிடைக்காது. ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் கோடை சீசன், ஸ்லாட் சீக்கிரம் தீர்ந்துடும். அதனால ஜூன் நடுவுலயே ஸ்லாட் பார்க்க ஆரம்பிச்சுடுங்க. விசா முடிவு வர்ற வரைக்கும் பாஸ்போர்ட் பொதுவா அவங்ககிட்டதான் இருக்கும். அந்த நேரத்துல ஆபீஸ் வேலையா சிங்கப்பூர் போகணும்னு வந்துட்டா மாட்டிக்குவீங்க.

பாஸ்போர்ட்டை இன்னும் முன்னாடியே பார்த்து வெச்சுடுங்க. ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறற தேதிக்கு அப்புறமும் 3 மாதம் செல்லுபடியாகணும், கடந்த 10 வருஷத்துக்குள்ள வழங்கப்பட்டிருக்கணும், குறைஞ்சது 2 பக்கம் காலியா இருக்கணும். புதுப்பிக்க வேண்டியிருந்தா மார்ச், ஏப்ரல்லயே முடிச்சுடுங்க.

இப்போ இன்னொரு கணக்கு. நீங்க விண்ணப்பிக்கற நாட்டோட பட்டியலைப் பொறுத்து கடைசி 3 மாத ஸ்டேட்மென்ட்டோ 6 மாத ஸ்டேட்மென்ட்டோ கேட்பாங்க. 6 மாதம்னே வெச்சுக்குங்க. ஆகஸ்ட் 11-ல இருந்து 6 மாதம் பின்னாடி போனா பிப்ரவரி. அதாவது பிப்ரவரியில நீங்க பண்ற யு.பி.ஐ., இ.எம்.ஐ., சேமிப்பு எல்லாத்தையும் ஆகஸ்ட்ல ஒரு விசா அதிகாரி உட்கார்ந்து பார்க்கப் போறார்.

ஸ்டேட்மென்ட்ல அவங்க என்ன பார்க்கறாங்க?

"அக்கவுன்ட்ல எவ்வளவு காட்டணும்?" இதுதான் எல்லாரும் கேட்கற கேள்வி. ஒவ்வொரு நாடும் ஒரு நாளுக்கு இவ்வளவுன்னு ஒரு குறைஞ்சபட்சத் தொகை வெச்சிருக்கு. பிரான்ஸுக்கு, தங்கும் நாள் முழுக்க ஹோட்டல் புக்கிங் இருந்தா நாளுக்கு 65 யூரோ. புக்கிங்கே இல்லைன்னா 120 யூரோ. நம்ம 10 நாளுக்கு 650 யூரோ. கணக்குக்கு ஒரு யூரோ 100 ரூபாய்னு எடுத்துக்கிட்டா 65,000 ரூபாய்.

இவ்வளவுதானான்னு தோணும். இது குறைஞ்சபட்சம் மட்டும்தான். அதிகாரி உங்க முழுப் பயணத்தோட செலவையும் மனசுல ஓட்டிப் பார்ப்பார். விமானம் 65,000, தங்கல் 63,000, உள்ளூர்ப் பயணமும் ரயிலும் 25,000, சாப்பாடு 35,000, விசாவும் இன்ஷூரன்ஸும் 13,000 வெச்சா மொத்தம் 2,01,000 ரூபாய். இந்தச் செலவை உங்க வருமானமும் சேமிப்பும் இயல்பா தாங்குமா, இதைச் செலவு பண்ணிட்டுத் திரும்பி வந்து அதே வேலையில வாழ்க்கையைத் தொடர்வீங்களா? ஸ்டேட்மென்ட்ல அவர் தேடற பதில் இதுதான்.

ஒரே சம்பளம் வாங்கற ரெண்டு பேரை எடுத்துக்குவோம்.

முதல் ஆள் பிப்ரவரியில 60,000 ரூபாய் இருப்போட ஆரம்பிக்கறார். வாடகை, வீட்டுக்கு அனுப்பறது, பைக் இ.எம்.ஐ., மத்த செலவு எல்லாம் போக மாதம் 20,000 ரூபாய் மிச்சம். ஜூலை முடிவுல இருப்பு 1,80,000 ரூபாய். கூட 1,00,000 ரூபாய்க்கு ஒரு எஃப்.டி. மொத்தம் 2,80,000. பயணச் செலவு போனாலும் கையில 80,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவா நிக்கும்.

ரெண்டாவது ஆளுக்கு மாசக் கடைசியில இருப்பு 5,000, 8,000, 12,000 ரூபாய்னுதான் இருக்கு. ஆகஸ்ட் 4-ம் தேதி மாமா கணக்குல இருந்து ஒரே தடவையா 3,00,000 ரூபாய் வருது. 11-ம் தேதி அப்பாயின்ட்மென்ட்.

இருப்பை மட்டும் பார்த்தா ரெண்டாவது ஆள்கிட்டதான் பணம் அதிகம். ஆனா நிராகரிக்கப்பட அதிக வாய்ப்பு இருக்கறதும் அவருக்குத்தான். அந்தப் பணம் காட்டறதுக்காகப் போட்டது, விசா வந்ததும் திரும்பப் போயிடும்னு பார்த்தவுடனே தெரியும். அதோட, மாசம் 8,000 ரூபாய் மிஞ்சற ஒருத்தர் 2 லட்ச ரூபாய்க்கு ஏன் சுற்றுலா போறார்ங்கற சந்தேகமும் சேர்ந்து வரும். அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்னாடி பர்சனல் லோன் எடுத்து அக்கவுன்ட்ல வைக்கறதும் இதே கதைதான். வரவுல கடன் கொடுத்த நிறுவனத்தோட பேர் தெளிவா அச்சாகியிருக்கும். உங்களுக்கு வட்டியும் ஏறும்.

நியாயமான பெரிய வரவுகளும் உண்டு. போனஸ், எஃப்.டி. முதிர்வு, மியூச்சுவல் ஃபண்ட் விற்ற பணம் இதெல்லாம் பிரச்சினையே இல்ல. அந்த வரவு எங்கிருந்து வந்ததுன்னு காட்டற காகிதத்தை உடனே சேர்த்து வெச்சுடுங்க. போனஸ் வந்த மாதத்தோட சம்பளச் சீட்டு, எஃப்.டி. முடிஞ்ச ரசீது, ஃபண்ட் ரிடெம்ப்ஷன் ஸ்டேட்மென்ட் போதும். அப்பாதான் செலவு பண்றார்னா பணத்தை உங்க கணக்குக்கு மாத்தி ஒளிக்க வேண்டாம். அவர் ஸ்பான்சர்னு வெளிப்படையா கடிதம் கொடுத்து, அவரோட ஸ்டேட்மென்ட்டும், அவர் உங்க அப்பாங்கறதுக்கான ஆதாரமும் வையுங்க.

பணம் இருந்தும் இல்லாத மாதிரி தெரியற மூணு இடம்

நல்லா சேமிக்கறவங்களுக்கே சில நேரம் ஸ்டேட்மென்ட் எதிரா நிக்கும். முதலாவது ஆட்டோ ஸ்வீப். இருப்பு ஒரு அளவைத் தாண்டினதும் பேங்க் தானாவே அதை எஃப்.டி.யா மாத்திடும். வட்டிக்கு நல்லது. ஆனா சேவிங்ஸ் ஸ்டேட்மென்ட்ல எப்பவும் 25,000 ரூபாய்தான் இருக்கற மாதிரி தெரியும். இதுக்கு பேங்க்ல எஃப்.டி. இருப்பையும் சேர்த்துக் காட்டற பேலன்ஸ் சர்டிஃபிகேட் வாங்கி இணைக்கணும்.

ரெண்டாவது, சம்பளக் கணக்கு ஒரு பேங்க்ல, சேமிப்பு வேற பேங்க்ல. சம்பளம் வந்த மறுநாளே பணத்தை மாத்தற நல்ல பழக்கம் உங்ககிட்ட இருந்தா, சம்பளக் கணக்கு மட்டும் பார்க்கறவருக்கு நீங்க கையில காசே நிக்காத ஆளாத் தெரிவீங்க. ரெண்டு ஸ்டேட்மென்ட்டையும் கொடுங்க.

மூணாவது, எல்லாத்தையும் எஸ்.ஐ.பி.யில போட்டுட்டு சேவிங்ஸ்ல எதுவுமே வைக்காதவங்க. ஃபண்ட் ஸ்டேட்மென்ட்டைத் துணை ஆவணமா வைக்கலாம். ஆனா பயணச் செலவுக்கான தொகை உடனே எடுக்கக்கூடிய இடத்துல இருக்கணும். இதுக்காக எமர்ஜென்சி ஃபண்டை உடைக்க வேண்டாம். பிப்ரவரியில இருந்து ஒரு பகுதியை சேவிங்ஸ்லயே விட்டு வெச்சா போதும்.

ஸ்டேட்மென்ட்டை அப்பாயின்ட்மென்ட்டுக்கு சில நாள் முன்னாடி வரைக்குமான தேதியோட, பேங்க் கிளையில் முத்திரையும் கையெழுத்தும் போட்டு வாங்குங்க. ஆப்ல டவுன்லோட் பண்ணி வீட்டுல பிரின்ட் எடுத்ததை வெச்சா கேள்வி வர வாய்ப்பு இருக்கு.

காகிதங்கள் ஒண்ணுக்கொண்ணு முரண்படக் கூடாது

வேலைக்குப் போறவங்க கொடுக்கற முக்கிய ஆவணங்கள் இவை: கடைசி 3 மாத சம்பளச் சீட்டு, ஐ.டி.ஆர். அல்லது ஃபார்ம் 16, கம்பெனி கொடுக்கற என்.ஓ.சி., விமான ரிசர்வேஷன், எல்லா இரவுக்கும் ஹோட்டல் புக்கிங், இன்ஷூரன்ஸ், நாள்வாரியான பயணத் திட்டம், ஒரு பக்கக் கவர் லெட்டர், 35 x 45 மி.மீ. போட்டோ. பட்டியல் எல்லாருக்கும் தெரியும். தடுமாற்றம் வர்றது இந்தக் காகிதங்களுக்கு நடுவுலதான்.

என்.ஓ.சி.யை எடுத்துக்குங்க. "இவர் எங்க ஊழியர், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை"ன்னு ரெண்டு வரியில எச்.ஆர். கொடுத்துடுவாங்க. அது போதாது. பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரை லீவு அனுமதிக்கப்பட்டது, எந்தத் தேதியில மறுபடி வேலைக்கு வரணும், உங்க பாஸ்போர்ட் எண் எல்லாம் இருக்கணும். விமானம் 18-ம் தேதி திரும்புது, லீவு 16-ம் தேதியோட முடியுதுன்னு இருந்தா, கோப்பைப் பார்க்கறவருக்கு நீங்க திரும்பி வர்றதைப் பத்தின சந்தேகம் அங்கேயே ஆரம்பிச்சுடும். நீங்க ஊருக்குத் திரும்பறதுக்கான காரணம் உங்க வேலை. அதுக்கான ஆதாரமே அந்தக் கடிதம்தான்.

சம்பளச் சீட்டுல 55,000 ரூபாய்னு இருந்தா ஸ்டேட்மென்ட்லயும் அதே தொகை, கம்பெனி பேரோட வரவா வந்திருக்கணும். ஆகஸ்ட்ல விண்ணப்பிக்கறதா இருந்தா, அந்த வருஷத்து ஐ.டி.ஆர்.ஐ அதுக்கு முன்னாடியே தாக்கல் பண்ணிடுங்க. போன வருஷத்து வருமானத்தை மட்டும் காட்டிட்டு நிக்க வேண்டாம்.

அடுத்தது நம்ம ஊருக்கே உரிய சிக்கல், இனிஷியல். சம்பளச் சீட்டுல 'எஸ். குமார்', பேங்க்ல 'குமார் எஸ்', பாஸ்போர்ட்ல 'குமார்' தனியா, 'சுப்பிரமணியன்' குடும்பப் பெயரா இருக்கும். நமக்கு எல்லாமே ஒருத்தர்தான். பெயர் வைக்கற நம்ம வழக்கம் தெரியாத ஒருத்தருக்கு மூணு பேர். எல்லாத்தையும் மாத்திக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. என்.ஓ.சி.யில பாஸ்போர்ட்ல உள்ள முழுப் பெயரையும், கம்பெனிப் பதிவுல உள்ள பெயரையும், பாஸ்போர்ட் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. கவர் லெட்டர்லயும் ஒரு வரியில விளக்கிடுங்க. டிக்கெட், ஹோட்டல், இன்ஷூரன்ஸ் மூணும் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கட்டும்.

விசா வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு காசை இறக்கலாம்?

விசாக் கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ. நிராகரிச்சாலும் திரும்ப வராது. மையத்தோட சேவைக் கட்டணமும் அப்படித்தான். இதையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்து 13,000 ரூபாய்னு கணக்குல வெச்சோம். இதுதான் நீங்க ரிஸ்க் எடுக்கற தொகை. இதைத் தாண்டி ஒரு ரூபாயும் சிக்கக் கூடாது.

விமானத்துக்கு ரிசர்வேஷன் போதும், முழுக் காசு கொடுத்த டிக்கெட் தேவையில்லை. ஏர்லைன் கொடுக்கற ஹோல்டோ, முழுசா ரீஃபண்ட் ஆகற டிக்கெட்டோ எடுங்க. சில நூறு ரூபாய்க்கு ஏஜென்ட் கொடுக்கற 'டம்மி டிக்கெட்' வேண்டாம். அந்த பி.என்.ஆர். ஏர்லைன் தளத்துல இல்லைன்னா, போலி ஆவணம் கொடுத்தவர்ங்கற பேர் உங்களுக்குத்தான் வரும். ஹோட்டலுக்கு இலவசமா ரத்து பண்ணக்கூடிய புக்கிங் போடுங்க, ஆனா விசா முடிவு வர்ற வரைக்கும் அதை ரத்து பண்ணாதீங்க. புக்கிங் இன்னும் இருக்கான்னு தூதரகம் சரிபார்க்கலாம்.

இன்ஷூரன்ஸ்ல குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவக் கவர் இருக்கணும், எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், தங்கற எல்லா நாளுக்கும் செல்லணும். விசா கிடைக்கலைன்னா பாலிசியை ரத்து பண்ணி பணம் வாங்கலாமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே படிச்சுடுங்க.

நிராகரிச்சுட்டா?

காரணங்கள் அச்சிட்ட ஒரு படிவம் வரும், உங்களுக்குப் பொருந்தற காரணத்துல டிக் இருக்கும். பயணத்தோட நோக்கமும் தங்கற விவரமும் நிரூபிக்கப்படலைன்னு இருந்தா, திட்டத்தையும் புக்கிங்கையும் பாருங்க. போதுமான பணவசதிக்கு ஆதாரம் இல்லைன்னா ஸ்டேட்மென்ட். திரும்பிப் போவாரான்னு சந்தேகம்னு இருந்தா வேலை, லீவு, குடும்பப் பிணைப்பு பத்தின ஆவணங்கள். மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள்ளன்னு அதே படிவத்துல இருக்கும். மறுபடி விண்ணப்பிக்க இத்தனை மாதம் காத்திருக்கணும்னு விதி இல்ல. ஆனா அதே காகிதங்களை மறுநாளே கொடுத்தா இன்னொரு 90 யூரோதான் போகும். பணவசதிதான் காரணம்னா, புது ஸ்டேட்மென்ட் சேர மூணு நாலு மாதம் விடறது நல்லது. வேற ஷெங்கன் நாட்டுக்குப் போட்டாலும் பழைய முடிவு தெரியும், எல்லா நாடுகளும் பார்க்கற விசா தகவல் அமைப்புல அது 5 வருஷம் வரை இருக்கும்.

விசா கிடைச்சா, ஸ்டிக்கர்ல மூணு விஷயம் பாருங்க: எந்தத் தேதியில இருந்து எது வரை, எத்தனை நாள் தங்கலாம், எத்தனை தடவை நுழையலாம். ஒரு தடவைன்னு இருந்தா, நடுவுல லண்டன் போய்ட்டு மறுபடி பாரிஸ் வர முடியாது. பிரிட்டன் ஷெங்கன்ல இல்ல.

முதல் விசா பெரும்பாலும் உங்க பயண நாளை ஒட்டித்தான் கொடுப்பாங்க. ஆனா இந்தியர்களுக்காக 2024 ஏப்ரல்ல ஒரு விதி வந்திருக்கு. 3 வருஷத்துக்குள்ள ரெண்டு ஷெங்கன் விசா வாங்கி, விதிப்படி பயன்படுத்தியிருந்தா, அடுத்ததா 2 வருஷத்துக்கு எத்தனை தடவை வேணும்னாலும் போய்வர்ற விசா கிடைக்க வழி இருக்கு. அதுக்கு அப்புறம் 5 வருஷ விசா. பாஸ்போர்ட் அவ்வளவு காலம் செல்லுபடியாகணும், அவ்வளவுதான்.

அடுத்த அக்டோபருக்குத் திட்டம் இருந்தா, இன்னிக்கே உங்க கடைசி 6 மாத ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணி, மாசக் கடைசி இருப்பு ஆறையும் ஒரு தாள்ல வரிசையா எழுதிப் பாருங்க. அதுக்குப் பக்கத்துல பயணச் செலவை எழுதுங்க. அந்த ரெண்டு கணக்கும் உங்களுக்கே பொருந்தலைன்னா, டிக்கெட்டைத் தள்ளி வெச்சுட்டு முதல்ல இருப்பைச் சரி பண்ணுங்க. இதே உதாரணத்துக்கான கவர் லெட்டரையும் என்.ஓ.சி. வாசகத்தையும் நம்ம சேனல் வீடியோவுல வரி வரியா பார்க்கலாம்.